லோகோ வந்து வந்து போகும் பிஎஸ்4: ஏழாவது ஆப்ஷனுக்கு முன்னால் செய்ய வேண்டியவை

"அண்ணே, எங்களுக்குக் கோட்டையூர். மாமா சிங்கப்பூர்லேர்ந்து கொண்டு வந்த பிஎஸ்4 ஸ்லிம். அப்டேட் ஓடிக்கிட்டு இருக்கும்போது கரண்ட் போயிருச்சு. இப்ப ஆன் பண்ணினா லோகோ வருது, ஸ்கிரீன் கறுப்பாகுது, திரும்ப லோகோ. சில நேரம் சேஃப் மோட் மெனு வருது, அதுல முதல் ஆப்ஷனைக் கொடுத்தா மறுபடி அதே மெனுவுக்கே வந்து நிக்குது. ஏழாவதை அமுக்குடான்னு எல்லாரும் சொல்றாங்க. தம்பி விளையாடின சேவ் முழுக்க உள்ளே இருக்கு. என்ன செய்யட்டும்?"

தம்பி, ஏழாவதை இப்போதைக்குத் தொடாதீர்கள். அதை அமுக்கினால் கன்சோல் அநேகமாகச் சரியாகிவிடும், அதில் சந்தேகமில்லை, ஆனால் உங்கள் தம்பியின் சேவ் அத்தனையும் போய்விடும். நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் மூன்றாவது ஆப்ஷனிலேயே மீள நல்ல வாய்ப்பு இருக்கிறது.

அது ஏன் என்று புரிந்துகொண்டால் பயமில்லாமல் செய்வீர்கள். பிஎஸ்4-இல் இருக்கும் ஹார்டு டிஸ்க் ஒன்றுதான், ஆனால் அதற்குள் தனித்தனிப் பகுதிகள். சிஸ்டம் மென்பொருள் ஒரு பக்கம், கேம், சேவ், ஸ்கிரீன்ஷாட் எல்லாம் வேறொரு பெரிய பகுதியில். அப்டேட் ஓடும்போது எழுதப்படுவது சிஸ்டம் பகுதி. நடுவில் கரண்ட் போனதால் அங்கே பாதி பழசு, பாதி புதுசு. கன்சோல் கிளம்பும்போது அதைப் படித்துப் பார்க்கிறது, ஒத்து வரவில்லை, மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கிறது. நீங்கள் பார்க்கும் சுழற்சி இதுதான். தம்பியின் சேவ் பெரும்பாலும் அந்தப் பக்கம் பத்திரமாகத்தான் இருக்கும். மூன்றாவது ஆப்ஷன் சிஸ்டம் மென்பொருளை மட்டும் திரும்ப எழுதும். ஆறும் ஏழும் சேவ் இருக்கும் பகுதியைத் துடைத்துவிடும்.

மெனு தெரிகிறது என்பதே நல்ல செய்தி. போர்டு உயிரோடு இருக்கிறது, படம் டிவிக்குப் போகிறது என்று அர்த்தம். லோகோகூட வராமல், நீல விளக்கு துடித்துத் துடித்துத் தானாக அணைந்து போனால் அது வேறு நோய். அதற்கு இங்கே நான் எழுதப் போகும் வைத்தியம் பெரும்பாலும் கேட்காது.

முதலில் கன்சோலோடு ஒட்டியிருக்கும் வேறு எல்லாவற்றையும் கழற்றுங்கள். வெளி ஹார்டு டிஸ்க், சார்ஜிங் டாக், ஹெட்செட் எதுவும் வேண்டாம். டிரைவில் டிஸ்க் இருந்தால், வெளியே வருமானால் எடுத்துவிடுங்கள். பவர் கேபிளையும் பிடுங்கிக் கொஞ்ச நேரம் விட்டு மறுபடி மாட்டுங்கள். அந்தக் கேபிளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். சிங்கப்பூர் செட்டோடு வருவது சதுரக் கால் மூன்று பின் பிளக். நம் ஊர் உருண்டைத் துளை சாக்கெட்டில் அது ஏறாது, அதனால் ஒரு அடாப்டரை நடுவில் செருகி வைத்திருப்பார்கள். பழைய வளவு வீடுகளில் சாக்கெட்டே தளர்ந்து போயிருக்கும், அதில் அடாப்டர், அதில் அந்தக் கனமான பிளக், லேசாகத் தட்டினாலே கனெக்‌ஷன் விட்டு வரும். தெருவில் கரண்ட் போகாமலே கன்சோலுக்கு மட்டும் கரண்ட் போகும் வீடுகளைப் பார்த்திருக்கிறேன். ஸ்லிம்முக்கு வேண்டியது எட்டு வடிவ முனை உள்ள சாதாரண இரண்டு பின் கேபிள்தான், டேப் ரெக்கார்டருக்குப் போடுவோமே, அதேதான். காரைக்குடியில் எந்த எலக்ட்ரிக்கல் கடையிலும் நம் ஊர் பிளக்கோடு கிடைக்கும், வாங்கி மாற்றிவிடுங்கள். உள்ளே இருக்கும் பவர் சப்ளை 100 முதல் 240 வோல்ட் வரை தாங்கும், அதனால் ஸ்டெபிலைசர் தேடி அலைய வேண்டாம். பயப்பட வேண்டியது வோல்டேஜ் குறைவதற்கு அல்ல, சட்டென்று கரண்ட் அறுந்து போவதற்குத்தான்.

அதனால் இந்த வேலையை யூபிஎஸ்ஸில் வைத்துச் செய்யுங்கள். கம்ப்யூட்டருக்கு வைக்கும் 600 விஏ யூபிஎஸ் போதும். ஸ்லிம்மின் அதிகபட்ச மின்தேவையே 165 வாட்தான், பக்கத்தில் ஒரு சாதாரண எல்இடி டிவி சேர்ந்தாலும் தாங்கும். வீட்டு இன்வெர்ட்டரை நம்பலாமா என்றால், சிலது மாறுகிற அந்தக் கணத்தில் ஃபேன் ஒரு நொடி தயங்கும் பாருங்கள், அந்தத் தயக்கமே கன்சோலை அணைத்துவிடும். யூபிஎஸ் கிடைக்கவில்லையென்றால் உங்கள் பகுதியில் கரண்ட் வழக்கமாக நிற்கிற நேரம் பார்த்து உட்காருங்கள். மாதாந்திரப் பராமரிப்பு என்று அறிவித்திருக்கும் நாளில் வேண்டவே வேண்டாம்.

அப்புறம் பெண்டிரைவ். 8 ஜிபியோ 16 ஜிபியோ போதும், பெரிசு வேண்டாம். FAT32 ஆக ஃபார்மட் செய்ய வேண்டும். exFAT-ஐயும் பிஎஸ்4 படிக்கும், NTFS-ஐப் படிக்காது. விண்டோஸின் வழக்கமான ஃபார்மட் பெட்டியில் 32 ஜிபிக்கு மேல் போனால் FAT32 என்ற தேர்வே தெரியாது, சின்ன டிரைவ் கேட்பது அதனால்தான். மேக்கில் செய்தால் MS-DOS (FAT) என்பதோடு Master Boot Record என்பதையும் தேர்ந்தெடுங்கள், இல்லாவிட்டால் டிரைவையே கன்சோல் கண்டுகொள்ளாமல் போகலாம்.

கோப்பை பிளேஸ்டேஷனின் அதிகாரப்பூர்வத் தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். வேறு யாராவது கூகுள் டிரைவில் ஏற்றி வைத்த லிங்க் எதுவும் வேண்டாம். நிறைய பேர் தடுக்கி விழுவது இங்கேதான், நிதானமாகப் படியுங்கள். அந்தத் தளத்தில் பிஎஸ்4-க்கு இரண்டு கோப்புகள் இருக்கும், ஒன்று சாதாரண அப்டேட், இன்னொன்று ரீஇன்ஸ்டால் செய்வதற்கானது. இரண்டுக்கும் பெயர் ஒன்றேதான், PS4UPDATE.PUP. பெயரை வைத்துப் பிரிக்கவே முடியாது, சைஸை வைத்துத்தான் பிரிக்க வேண்டும். அப்டேட் கோப்பு ஏறக்குறைய அரை ஜிபி, ரீஇன்ஸ்டால் கோப்பு ஒரு ஜிபியை ஒட்டி வரும். மூன்றாவது ஆப்ஷனுக்குச் சின்னது, ஏழாவதுக்குப் பெரியது. மாற்றிப் போட்டுவிட்டு, டிரைவ் சரியில்லை, கன்சோல் சரியில்லை என்று நாள் முழுக்க மல்லுக்கட்டுவார்கள். இரண்டையும் இறக்கி, கம்ப்யூட்டரில் தனித்தனி ஃபோல்டரில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரே ஃபோல்டரில் இறக்கினால் இரண்டாவதற்கு PS4UPDATE(1).PUP என்று பெயர் விழும், அதை அப்படியே போட்டால் கன்சோல் கண்டுபிடிக்காது.

இப்போதைக்குச் சின்னதைப் பெண்டிரைவில் இப்படி வையுங்கள்:

```
PS4/
  UPDATE/
    PS4UPDATE.PUP
```

எல்லாமே ஆங்கிலப் பெரிய எழுத்து. PS4 ஃபோல்டர் டிரைவைத் திறந்ததும் முதலில் தெரிய வேண்டும், வேறு எதற்குள்ளும் இருக்கக் கூடாது. விண்டோஸ் கோப்பின் கடைசி மூன்றெழுத்தை மறைத்து வைக்கும் பழக்கமுள்ளது, அது தெரியாமல் நீங்களே .PUP என்று சேர்த்து அடித்தால் PS4UPDATE.PUP.PUP ஆகிவிடும். பிரவுசிங் சென்டரில் போய்ச் செய்தால் வீட்டுக்கு வந்ததும் ஒருமுறை திறந்து பாருங்கள், அங்கே உள்ள கம்ப்யூட்டர்களில் ஃபோல்டரை மறைத்துவிட்டு ஷார்ட்கட் போட்டுவைக்கும் வைரஸ் இன்னும் சாகவில்லை. பாதியில் நின்ற டவுன்லோடும் பார்க்க முழுக் கோப்பு மாதிரியேதான் இருக்கும், எனவே டிரைவில் உள்ள சைஸும் தளத்தில் போட்டிருக்கும் சைஸும் ஒத்துப் போகிறதா என்று பார்த்துவிடுங்கள்.

சரி, கன்சோலுக்கு வருவோம். விளக்கு முழுவதும் அணைந்திருக்க வேண்டும். பவர் பட்டனை அமுக்கிப் பிடியுங்கள், அமுக்கியதும் ஒரு பீப், விடாமல் பிடித்தால் ஏழு நொடி போல ஆனதும் இரண்டாவது பீப். அப்போது விடுங்கள். சுற்றிக்கொண்டிருக்கும்போதே இப்படிப் பிடித்தால் அது அணைந்துதான் போகும், சேஃப் மோடுக்கு வராது, அதனால் முதலில் அணைத்துவிட்டுத் தொடங்குங்கள்.

திரையில் கன்ட்ரோலரை யூஎஸ்பி கேபிளில் இணைத்து பிஎஸ் பட்டனை அமுக்கச் சொல்லும். சேஃப் மோடில் வயர்லெஸ் வேலை செய்யாது. கேபிளை மாட்டியும் ஒன்றும் நடக்கவில்லையென்றால் கன்ட்ரோலரைச் சந்தேகிக்காதீர்கள், கேபிளைச் சந்தேகியுங்கள். மைக்ரோ யூஎஸ்பி கேபிள்களில் பல சார்ஜ் மட்டும் ஏற்றுபவை, உள்ளே டேட்டா வயரே இருக்காது. அதே கேபிளில் பழைய ஆண்ட்ராய்டு போனைக் கம்ப்யூட்டரில் மாட்டிப் படம் காப்பி ஆகிறதா பாருங்கள். காப்பி ஆகிறதென்றால் அந்தக் கேபிள் இதற்கும் ஆகும்.

மெனுவில் 3, Update System Software. அதற்குள் Update from USB Storage Device. பெண்டிரைவை நேராக கன்சோலின் முன்பக்கத் துளையில் செருகுங்கள், ஹப் எதுவும் வேண்டாம். கோப்பைக் கண்டுபிடித்துவிட்டால் பதிப்பு எண்ணைக் காட்டி அனுமதி கேட்கும். கொடுத்த பிறகு நீலப் பட்டை நகரும், கன்சோல் தானாக ரீஸ்டார்ட் ஆகும், சில நேரம் திரை கொஞ்சம் நேரம் கறுப்பாகவே இருக்கும். அப்போது கைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருங்கள், ஆச்சி வந்து ஏன் விளக்கு எரிகிறது என்று கேட்டாலும் பட்டனைத் தொடாதீர்கள். முகப்புத் திரை வந்துவிட்டால் கதை முடிந்தது.

வரவில்லையென்றால் என்ன சொல்கிறது என்று பாருங்கள், அதில்தான் விஷயம் இருக்கிறது. SU-41333-4, SU-30746-0 போன்ற எண்கள் வந்தால், கோப்பு கிடைக்கவில்லை அல்லது சரியில்லை என்று பொருள். தொண்ணூறு சதவீதம் பெண்டிரைவ் பக்கம்தான் தவறு இருக்கும், ஃபோல்டர் பெயர், எழுத்து, பாதி டவுன்லோடு, தவறான சைஸ் இவற்றில் ஒன்று. மேலே உள்ளதைத் திரும்பச் சரிபார்த்து, வேறு பெண்டிரைவ் போட்டுப் பாருங்கள். இன்னொன்று, கன்சோலில் ஏற்கெனவே இருந்ததைவிடப் பழைய பதிப்பை அது ஏற்காது. யாரோ போன வருடம் இறக்கி வைத்த கோப்பைக் கொடுத்தால் இதே மாதிரி அடம் பிடிக்கும்.

அப்டேட் நன்றாக முடிந்து, அப்புறமும் லோகோவிலேயே சுற்றினால் அடுத்தது 5, Rebuild Database. இது எதையும் அழிக்காது. டிஸ்க்கில் என்னென்ன எங்கே இருக்கிறது என்ற பட்டியல் கெட்டுப் போயிருந்தால் மறுபடி எழுதும், அவ்வளவுதான். நிறைய கேம் இருந்தால் மணிக்கணக்கில் ஆகும் என்று திரையிலேயே எச்சரிக்கும். நாலாவது, Restore Default Settings, அதுவும் ஆபத்தில்லாதது, ஆனால் செட்டிங்ஸை மட்டும்தான் மாற்றும், உங்கள் பிரச்சினைக்கு அது உதவி நான் பார்த்ததில்லை. இரண்டாவது ஆப்ஷன், டிவியில் படமே தெரியாதவர்களுக்கு.

ஐந்தாவது ஓடும்போது கன்சோலின் பக்கத்தில் காதை வையுங்கள். பட்டை ஒரே இடத்தில் ராத்திரி முழுக்க நின்றால், அல்லது உள்ளே டிக், டிக் என்று ஒரே தாளத்தில் சத்தம் கேட்டால், டிஸ்க் சாகிறது. அப்போது மென்பொருளை எத்தனை தடவை ஏற்றினாலும் பிடிக்காது. போன மழைக்காலத்தில் தேவகோட்டையிலிருந்து ஒரு செட் வந்தது, கிட்டத்தட்ட உங்கள் கதைதான். அவர்கள் ஏற்கெனவே வேறொரு கடையில் கொடுத்து ஏழாவதைச் செய்து வாங்கியிருக்கிறார்கள், சேவ் போய்விட்டது, செட்டும் கொஞ்ச நாள் நன்றாக ஓடி, பெரிய கேம் ஒன்றை ஏற்றும்போது மறுபடி சுழல ஆரம்பித்துவிட்டது. டிஸ்க்கைக் கழற்றிக் கம்ப்யூட்டரில் மாட்டி, டிஸ்க்கின் உடல்நிலையைச் சொல்லும் ஸ்மார்ட் விவரத்தைப் பார்த்தால், படிக்க முடியாமல் மாற்றி ஒதுக்கிய செக்டர்கள் ஏகத்துக்கும் இருந்தன. ரீஇன்ஸ்டால் செய்தபோது சிஸ்டம் கோப்புகள் தற்செயலாக நல்ல இடத்தில் விழுந்ததால் ஓடியது, டிஸ்க் நிரம்ப ஆரம்பித்ததும் கெட்ட இடத்துக்கு வந்து நின்றது. கரண்ட் போனதைக் குறை சொன்னார்கள், ஆனால் அந்த டிஸ்க் அதற்கு முன்பே போகத் தொடங்கியிருக்கும். இப்படித் திரும்பி வந்தால் டிஸ்க்தான் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

டிஸ்க்கைக் கழற்றிக் கம்ப்யூட்டரில் மாட்டி சேவை மட்டும் எடுத்துவிடலாமே என்று கேட்பீர்கள், எல்லாரும் கேட்பார்கள். முடியாது. அதில் உள்ள தரவு அந்த கன்சோலுக்கே உரிய சாவியால் பூட்டப்பட்டது. இன்னொரு பிஎஸ்4-இல் மாட்டினாலும் திறக்காது, ஃபார்மட் செய்யத்தான் கேட்கும். சேஃப் மோட் மெனுவிலும் சேவைப் பெண்டிரைவுக்குக் காப்பி செய்ய வழி இல்லை. அதனால்தான் மூன்றையும் ஐந்தையும் பொறுமையாக முடித்துவிட்டு அப்புறம் ஏழுக்குப் போகச் சொல்கிறேன்.

ஏழுக்குப் போவதற்கு முன் தம்பியிடம் கேளுங்கள், பிளேஸ்டேஷன் பிளஸ் சந்தா இருந்ததா என்று. இருந்திருந்தால் சேவ்கள் ஆன்லைன் சேமிப்பில் ஏறியிருக்க வாய்ப்புண்டு. நண்பர் வீட்டு பிஎஸ்4-இல் தம்பியின் கணக்கில் நுழைந்து, செட்டிங்ஸில் Application Saved Data Management என்பதற்குள் ஆன்லைன் பகுதியைப் பாருங்கள், எந்தத் தேதி வரை இருக்கிறது என்று தெரிந்துவிடும். சர்வரோடு ஒத்திசைந்த டிராஃபிகள் கணக்கிலேயே இருக்கும். பிளேஸ்டேஷன் ஸ்டோரில் வாங்கிய டிஜிட்டல் கேம்களைத் திரும்ப இறக்கிக்கொள்ளலாம். வெளி ஹார்டு டிஸ்க்கில் கேம் வைத்திருந்தால் அது அப்படியே இருக்கும், ஆனால் சேவ் எப்போதும் உள் டிஸ்க்கில்தான், அதனால் வெளி டிஸ்க் இருக்கிறதே என்று நிம்மதியாக இருக்காதீர்கள்.

ஏழைச் செய்வதென்றால் பெண்டிரைவில் சின்னக் கோப்பை அழித்துவிட்டு, அதே ஃபோல்டரில் அந்தப் பெரிய ரீஇன்ஸ்டால் கோப்பை வையுங்கள். 7, Initialize PS4 (Reinstall System Software). ஆறாவதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம், அதன் பெயர் வெறும் Initialize PS4. அது உங்கள் தரவைத் துடைக்கும், சிஸ்டம் மென்பொருளை மாற்றாது. உங்களிடம் கெட்டிருப்பது சிஸ்டம் மென்பொருள், அதனால் ஆறைச் செய்தால் சேவும் போய், சுழற்சியும் அப்படியே நிற்கும். ஏழு முடிந்ததும் புதுசாக வாங்கியது போல மொழி, வைஃபை எல்லாம் கேட்கும்.

டிஸ்க் போயிருந்தாலும் இதே ஏழுதான், புது டிஸ்க்கில். திரையில் CE-34335-8 வந்தால் கன்சோலுக்கு டிஸ்க்கே தெரியவில்லை என்று அர்த்தம், மாற்றுவதற்கு முன் ஒருமுறை கழற்றி இறுக்கமாக மாட்டிப் பாருங்கள், சில நேரம் அதிலேயே சரியாகும். ஸ்லிம்மில் இது கஷ்டமான வேலை இல்லை. பின்பக்க மூலையில் உள்ள சின்ன மூடியை நகர்த்தினால் பிளேஸ்டேஷன் குறிகள் போட்ட ஒரே ஒரு திருகு, அதை எடுத்தால் டிஸ்க் தட்டோடு வெளியே வரும். 2.5 இன்ச் சாட்டா, தடிமன் 9.5 மில்லிமீட்டருக்குள், 160 ஜிபிக்குக் குறையாமல் இருந்தால் போதும். லேப்டாப்புக்கு வாங்கும் சாதாரண 7 மில்லிமீட்டர் எஸ்எஸ்டியே பொருந்தும். நான் அதைத்தான் போடுவேன், சுழலும் டிஸ்க்குக்கு இனிமேல் காசு கொடுப்பதில் அர்த்தமில்லை. எம்.2 என்று கடைக்காரர் எதையாவது எடுத்துக் கொடுத்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், இதில் அதற்கு இடமே இல்லை.

புது டிஸ்க், சரியான பெரிய கோப்பு, நல்ல பெண்டிரைவ், எல்லாம் இருந்தும் ரீஇன்ஸ்டால் ஒவ்வொரு தடவையும் ஒரே இடத்தில் நின்று SU-42118-6 காட்டினால் அது பெரும்பாலும் வன்பொருள் கோளாறு. டிஸ்க் டிரைவின் பக்கமோ போர்டிலோ இருக்கலாம், வீட்டில் பார்க்க முடியாது. அந்தக் கட்டத்தில் இன்னொரு தடவை, இன்னொரு தடவை என்று ஓட்டாமல், போர்டு வேலை தெரிந்த ஆளிடம் கொண்டு போங்கள். போகும்போது எந்த எண் வந்தது, எத்தனை சதவீதத்தில் நின்றது என்பதைப் போனில் படம் எடுத்துக்கொண்டு போனால் அவருக்குப் பாதி வேலை மிச்சம்.

இப்போதைக்கு மூன்றாவதைச் செய்துவிட்டு என்ன வந்தது என்று எழுதுங்கள். எண் ஏதாவது வந்தால் அதை அப்படியே போடுங்கள், "எரர் வந்துச்சு அண்ணே" என்று மட்டும் எழுதாதீர்கள்.